ஐந்து வாடகைக் கட்டடங்கள், ஒரே தாள்: எந்தத் தேதியைக் குறித்து வைப்பது?

வாசகரின் கடிதம்

வக்கீல் அம்மா அவர்களுக்கு வணக்கம். கோவை மாநகராட்சிக்குள் எனக்குச் சொந்தமான மூன்று வீடுகளையும் இரண்டு கடைகளையும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒப்பந்தம் முடியும் நாளைத் தினக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைப்பது என் வழக்கம். இந்த ஆண்டு மூன்று இடங்களில் தவறிவிட்டது. முதல் வீட்டின் 11 மாத ஒப்பந்தம் 31.7.2025 அன்று முடிந்தது. 5 சதவீதம் உயர்த்தி 15,750 ரூபாய் கேட்டால், குடியிருப்பவர் பழைய 15,000 ரூபாயையே ஜிபேயில் அனுப்புகிறார். முதல் கடையின் ஒப்பந்தம் 31.12.2025 அன்று முடிகிறது. முடிவில் காலி செய்யச் சொல்வதானாலும் இரண்டு மாத எழுத்து அறிவிப்பு வேண்டும் என்று அதில் உள்ளது. நவம்பர் 3-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் சொன்னேன். அது செல்லாது என்கிறார். இரண்டாவது கடை 1.4.2024 முதல் மூன்று ஆண்டுக் குத்தகை, பதிவு செய்தது. மாதம் 24,000 ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு. இந்த ஏப்ரலில் உயர்த்திக் கேட்க மறந்துவிட்டேன். பாக்கியை இப்போது கேட்க முடியுமா? வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால் குடியிருப்பவர் வழிக்கு வந்துவிடுவார் என்கிறார் என் மைத்துனர். இனித் தவறாமல் இருக்க எந்தெந்தத் தேதிகளை எப்படி எழுதி வைக்க வேண்டும்?

— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

வழக்கறிஞரின் பதில்

மதிப்புக்குரிய ஐயா, மோட்டாரில் கை வைக்காதீர்கள். வாடகைத் தகராறு எந்த நிலையில் இருந்தாலும், தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளை உரிமையாளர் தடுக்கக் கூடாது என்று நம் மாநிலத்தின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இப்போதைய தகராறு மாதம் 750 ரூபாய் பற்றியது. மோட்டாரை நிறுத்தினால் அவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுப்பார். அங்கே நீங்கள் வாதியாக நிற்க மாட்டீர்கள், பதில் சொல்ல வேண்டியவராக நிற்பீர்கள்.

உங்களுடைய மூன்று சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். காலண்டரில் ஒப்பந்தம் முடியும் நாளை எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி நீங்கள் எதையாவது செய்தாக வேண்டிய நாளோ அதற்கு வெகுமுன்பே வந்து போய்விடுகிறது. சிவப்பு மை கண்ணில் படும் காலையில் செய்வதற்கு அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது. அதோடு, முடிவு நாளுக்குப் பிறகும் வங்கிக் கணக்கில் பணம் வந்துகொண்டேயிருந்தால், அந்தப் பணமே உங்கள் உரிமையின் தன்மையை மாற்றக்கூடும். ஆகவே ஒவ்வொரு சிக்கலையும் முதலில் தீர்த்துவிட்டு, அதிலிருந்தே தாளின் கட்டங்களை அமைப்போம்.

ஒப்பந்தம் முடிந்தும் குடியிருப்பவர் தொடரும் வீடு

ஒப்பந்தம் முடிந்ததும் 5 சதவீதம் தானாக ஏறும் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். ஊர் வழக்கம் அப்படி இருக்கலாம். சட்டம் அப்படி இல்லை. குறித்த காலம் முடிந்த பிறகு புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், அந்த வாடகை உறவு பழைய ஒப்பந்தத்தின் அதே நிபந்தனைகளில் மாதத்துக்கு மாதம் நீட்டிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதங்களுக்கு மட்டுமே என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. "அதே நிபந்தனைகள்" என்பதில் பழைய வாடகையும் அடங்கும். ஆகவே ஆகஸ்டு முதல் அவர் 15,000 ரூபாய் அனுப்புவதை ஏமாற்று என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஆறு மாதங்கள் 31.1.2026 அன்று முடிகின்றன. உங்கள் தாளில் இந்த வீட்டுக்கு நேரே இன்று இருக்க வேண்டிய முதல் தேதி அதுதான். அந்த நாளும் கடந்து, எதையும் எழுதாமல் வாடகையை வாங்கிக்கொண்டே போனால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 116-ஆவது பிரிவைக் காட்டி, நீங்கள் சம்மதித்துத்தான் தொடர்கிறேன் என்று அவர் வாதிட இடம் உண்டாகும். நீங்கள் அவரைக் காலி செய்யச் சொல்லவில்லை, வாடகை உயர்ந்தால் போதும் என்றுதான் கேட்கிறீர்கள். அப்படியானால் பேச்சைப் புதிய ஒப்பந்தத்தின் பக்கம் திருப்புங்கள். 1.1.2026 அல்லது 1.2.2026 முதல் 15,750 ரூபாய் என்று எழுதி, டிசம்பர் நடுப்பகுதிக்குள் வரைவை அவர் கையில் கொடுங்கள். அவர் கையெழுத்திட மறுத்தால் காலி செய்யச் சொல்ல வேண்டிவரும். பழைய ஒப்பந்தத்தில் ஒரு மாத அறிவிப்பு என்று இருந்தால் அந்த நிபந்தனையும் கூடவே தொடர்கிறது. ஜனவரி 31-இல் வீடு வேண்டுமென்றால் கடிதம் டிசம்பர் 31-க்குள் அவரிடம் சேர்ந்திருக்க வேண்டும். ஆகஸ்டிலிருந்து வராத 750 ரூபாய்களை விட்டுவிடுவதே நல்லது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் புதிய ஒப்பந்தமும் நழுவிவிடும்.

11 மாதம் என்பதால் எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை என்பது பல உரிமையாளர்களின் நம்பிக்கை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியிலிருந்து பிறந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வேறு. அதற்கு 11 மாதம் என்ற விலக்கு கிடையாது. அந்தப் பதிவு எண் இல்லாத ஒப்பந்தத்தோடு வாடகை நீதிமன்றத்துக்குப் போனால், அதைச் சாட்சியமாக ஏற்பதிலேயே முதல் தடை வரும். கையெழுத்தான வாரமே tenancy.tn.gov.in தளத்தில் பதிவுக்கு விண்ணப்பித்து, எண் கிடைத்ததும் தாளில் எழுதிவிடுங்கள்.

மூன்று நாள் தாமதமான அறிவிப்பு

நவம்பரும் டிசம்பரும் சேர்ந்தால் இரண்டு மாதம்தானே என்று கணக்கிட்டிருப்பீர்கள். டிசம்பர் 31-ஓடு இரண்டு முழு மாதங்கள் நிறைய வேண்டுமானால், அறிவிப்பு அக்டோபர் 31-க்குள் அவரிடம் சேர்ந்திருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவும் அறிவிப்புக் காலத்தைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்தே எண்ணுகிறது. நீங்கள் தபாலில் சேர்த்த நாள் கணக்கில் வராது. அறிவிப்பு எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்றும், தபாலில் அனுப்பலாம், அவரிடமோ அவர் வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ நேரில் கொடுக்கலாம், முடியாதபோது கட்டடத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம் என்றும் அதே பிரிவு வழிமுறைகளைச் சொல்கிறது. வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான் என்று நான் நீதிமன்றத்தில் வாதிட முடியும். ஆனால் நீலக் குறியை நம்பி ஒரு கடையை மீட்கும் வழக்கைத் தொடங்க நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். மூன்று நாள் குறைவும் சேர்ந்திருக்கும்போது சொல்லவே மாட்டேன்.

புதிய அறிவிப்பை இந்த வாரமே அனுப்புங்கள். டிசம்பர் 10-ஆம் தேதி அவர் பெற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதம் பிப்ரவரி 10-இல் நிறைகிறது. மாத நடுவில் காலி செய்யச் சொல்லி வாடகைக் கணக்கைக் குழப்புவதைவிட, 28.2.2026 அன்று கடையை ஒப்படைக்குமாறு எழுதுங்கள். இரண்டு மாதங்களை இழப்பது வருத்தம்தான். ஆனால் குறையுள்ள அறிவிப்போடு ஜனவரியில் மனுப்போட்டு, அது தள்ளுபடியாகி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதோடு ஒப்பிட்டால் இது சிறிய இழப்பு.

அறிவிப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாத வாடகையை நீங்கள் தாராளமாக வாங்கலாம். ஆபத்து மார்ச்சில் இருக்கிறது. அறிவிப்பின் கெடு முடிந்த பிறகு சேரும் வாடகையை உரிமையாளர் ஏற்றுக்கொண்டால் அந்த அறிவிப்பே கைவிடப்பட்டதாகிவிடும் என்பதற்கு, சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு நேரடியான உதாரணமே தருகிறது. முன்பெல்லாம் பணத்தை நீட்டியவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இப்போது காலையில் கைப்பேசி ஒலிக்கும்போதே பணம் உள்ளே வந்துவிட்டிருக்கும். அப்படி வந்தால் அதே வாரத்தில் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். அல்லது அதை வாடகையாக ஏற்கவில்லை, கடையைப் பயன்படுத்துவதற்கான ஈடாக, உங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி மட்டுமே வரவு வைத்திருப்பதாகத் தபாலில் எழுதுங்கள். பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

தபாலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தனிச் சேவையாக இருந்த பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே கவுன்டரில், முகவரியாளரிடமே பதிவுடன் ஒப்படைக்கும்படியும், ஒப்படைத்ததற்கான சான்று வேண்டும் என்றும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கட்சிக்காரர் ஒருவர், "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பி வந்த உறையை, உள்ளே கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கிழித்துவிட்டு என்னிடம் கொண்டு வந்தார். மறுத்த தபாலும் சேர்ந்ததாகவே பெரும்பாலும் கருதப்படும். அதற்கு, ஒட்டியபடியே, தபால்காரரின் குறிப்போடு இருக்கும் அந்த உறைதான் சாட்சி. திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் அப்படியே கோப்பில் வையுங்கள்.

கேட்க மறந்த வாடகை உயர்வு

இரண்டாவது கடைக்கான பதில் உங்கள் பத்திரத்தில் உள்ள ஒரே சொல்லில் இருக்கிறது. ஆண்டுதோறும் வாடகை 10 சதவீதம் "உயரும்" என்று எழுதியிருந்தால், ஏப்ரல் 1-ஆம் தேதி அது தானாக உயர்ந்துவிட்டது. நீங்கள் கேட்க மறந்ததால் கடன் மறைந்துவிடாது. "உயர்த்திக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தால் அது உங்களுக்குக் கொடுத்த உரிமை. நீங்கள் அதைப் பயன்படுத்தும் வரை பழைய வாடகைதான் என்று அவர் சொல்வதில் நியாயம் உண்டு. முதல் வகையானால், ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதங்களுக்கு மாதம் 2,400 வீதம் 19,200 ரூபாய் பாக்கி. வாடகை நிலுவைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு கால வரம்பு உள்ளதால் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் "வாடகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று மாதாமாதம் ரசீது கொடுத்திருந்தால், உயர்வை நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள் என்பதற்கு அவர் அந்த ரசீதுகளைத்தான் நீட்டுவார். இரண்டாம் வகையானால் பழைய பாக்கியை மறந்துவிட்டு, ஜனவரியிலிருந்து உயர்வு கேட்டு இன்றே கடிதம் எழுதுங்கள்.

அடுத்த படியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 10 சதவீதம் என்பது எதன் மேல்? நடப்பு வாடகையின் மேல் என்றால் 1.4.2026 முதல் 29,040 ரூபாய். தொடக்க வாடகையின் மேல் என்றால் 28,800. மாதம் 240 ரூபாய்க்காக நல்ல வாடகைதாரரோடு முகம் கோணிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இனி எழுதும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சதவீதத்தை மட்டும் எழுதாமல், எந்தத் தேதி முதல் எவ்வளவு ரூபாய் என்று ஒவ்வொரு படியையும் தொகையாகவே எழுதிவிடுங்கள். அப்படியே தாளிலும் ஏற்றிவிடலாம்.

தாள்

கணினியில் ஒரே ஒரு விரிதாள் போதும். இதற்கென்று செயலி வாங்க வேண்டியதில்லை. ஒரு கட்டடத்துக்கு ஒரு வரி என்று போடாமல், ஓர் ஒப்பந்தத்துக்கு ஒரு வரி என்று போடுங்கள். புதுப்பிக்கும்போது பழைய வரியின் மேல் எழுதாமல் கீழே புதிய வரி சேருங்கள். நீதிமன்றத்தில் எப்போதும் கேட்கப்படுவது பழைய வரியைத்தான்.

A-இல் கட்டடத்தின் பெயர், B-இல் தொடங்கும் நாள், C-இல் எத்தனை மாதம், E-இல் அறிவிப்புக் காலம் எத்தனை மாதம் என்பதை நீங்கள் எழுத வேண்டும். மற்ற நாள்களைத் தாளே கணக்கிடும். D ஒப்பந்தம் முடியும் நாள். F அறிவிப்பு வாடகைதாரர் கையில் சேர வேண்டிய கடைசி நாள். G நீங்கள் தபாலில் சேர்க்க வேண்டிய நாள். H ஆறு மாத நீட்டிப்பின் எல்லை.

```
D2  =EDATE(B2,C2)-1
F2  =EDATE(D2+1,-E2)-1
G2  =F2-15
H2  =EDATE(D2+1,6)-1
```

உங்கள் முதல் கடையை இதில் போட்டுப் பாருங்கள். B-இல் 1.2.2025, C-இல் 11, E-இல் 2 என்று கொடுத்தால், முடிவு 31.12.2025, சேர வேண்டிய நாள் 31.10.2025, தபாலில் சேர்க்க வேண்டிய நாள் 16.10.2025, எல்லை 30.6.2026 என்று வரும். தபால் தாமதமானாலும், உறை திரும்பி வந்து இன்னொரு முறை நேரில் கொடுக்க நேர்ந்தாலும் இடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த 15 நாள். இது என் கணக்கு, சட்டத்தில் உள்ளதல்ல. வாடகைதாரர் வெளியூரில் இருப்பவரானால் 30 ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக் கூட்டி, பிறகு ஒரு நாளைக் கழிப்பது வீண் சுற்று போலத் தோன்றும். பிப்ரவரி 28-இல் முடியும் ஒப்பந்தத்துக்கு நேரடியாக ஆறு மாதம் கூட்டினால் ஆகஸ்டு 28 என்று வரும். உண்மையில் அது ஆகஸ்டு 31. மாதங்களின் நாள் எண்ணிக்கை மாறுவதால் வரும் இந்தப் பிழையை, ஒன்றாம் தேதிக்குப் போய் எண்ணித் திரும்புவது தவிர்க்கிறது.

இதைவிடப் பெரிய பிழை தேதியை உள்ளிடும்போது வருகிறது. தாளின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 1/2/2025 என்று நீங்கள் எழுதும் பிப்ரவரி 1-ஐ அது ஜனவரி 2 என்று படித்துக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் காட்டாது. 25/2/2025 என்று எழுதினாலோ அப்படி ஒரு மாதமே இல்லாததால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆகவே `1-Feb-2025` என்று மாதப் பெயரோடு எழுதுங்கள். சந்தேகம் வந்தால் காலியான ஒரு கட்டத்தில் `=ISNUMBER(B2)` என்று எழுதிப் பாருங்கள். `FALSE` என்று வந்தால் அது தேதியே அல்ல. `TRUE` என்று வந்தாலும் மாதம் சரிதானா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இதற்கு அடுத்த கட்டங்களில், அறிவிப்பைத் தபாலில் சேர்த்த நாள், அவர் பெற்றுக்கொண்ட நாள், தபால் சான்று எண், வாடகை அதிகாரியின் பதிவு எண் ஆகியவற்றைக் கையால் எழுதுங்கள். அனுப்பிய நாளுக்கும் பெற்ற நாளுக்கும் ஒரே கட்டம் வைத்துவிடாதீர்கள். என் கட்சிக்காரர்கள் எல்லோரும் முதல் கட்டத்தை நிரப்புகிறார்கள். வழக்குக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

வாடகைப் படிகளுக்கு அதே கோப்பில் இரண்டாவது தாள் வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி: கட்டடம், எந்தத் தேதி முதல், எவ்வளவு ரூபாய், ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியின்படி, வாடகைதாரருக்கு நினைவூட்டிய நாள். இரண்டாவது கடைக்கு 1.4.2024, 1.4.2025, 1.4.2026 என்று மூன்று வரிகள் வரும். படிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு வரிக் கடிதம் போய்விட்டால், ஏப்ரலில் கேட்க வேண்டிய சங்கடமே எழாது.

வாடகை நிலுவை விழுந்தால் இன்னொரு கெடு தொடங்குகிறது. இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, அதைக் கேட்டு முறைப்படி அனுப்பிய அறிவிப்பைப் பெற்ற ஒரு மாதத்துக்குள்ளும் முழுவதும் செலுத்தாவிட்டால், அதைக் காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் மனுப்போடலாம். அந்த ஒரு மாதமும் அவர் பெற்ற நாளிலிருந்தே எண்ணப்படும் என்பதால், அதே இரண்டு கட்டங்கள் இங்கும் பயன்படும்.

G கட்டத்துத் தேதியையும் H கட்டத்துத் தேதியையும் உங்கள் கைப்பேசியின் நாள்காட்டியில் ஏற்றிவிடுங்கள். உங்கள் துணைவியாரின் கைப்பேசியிலோ மகன் அல்லது மகளின் கைப்பேசியிலோ அதே நினைவூட்டலை வையுங்கள். நீங்கள் மருத்துவமனையிலோ வெளியூரிலோ இருக்கும் வாரத்திலும் கெடு வந்துதான் தீரும்.

மற்ற இரண்டு வீடுகளைப் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை. அவற்றின் ஒப்பந்தங்களை இன்று மாலையே எடுத்து, இரண்டு வரிகளையும் நிரப்பிப் பாருங்கள். G கட்டத்தில் ஏற்கெனவே கடந்துபோன தேதி ஏதாவது வந்தால், எந்த வாடகைதாரரிடமும் பேசுவதற்கு முன்பு, ஒப்பந்தத்தின் நகலோடும், அது முடிந்த பிறகு வங்கியில் வரவான தொகைகளின் பட்டியலோடும் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.